ரிசல்ட்டுக்கு முன் ஏறும் ஐ.வி.: எந்த ஏற்றம் செய்தி?

2013 ஜனவரி 11 காலையில் இன்ஃபோசிஸ் தன் காலாண்டு முடிவை வெளியிட்டது. அன்று சந்தை மூடும்போது பங்கு கிட்டத்தட்ட 17 சதவீதம் ஏறியிருந்தது. அடுத்த முடிவு ஏப்ரல் 12 அன்று வந்தது. அதே பங்கு ஒரே நாளில் 21 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. இரண்டு தேதிகளும் எல்லோருக்கும் முன்பே தெரியும். எந்தப் பக்கம் போகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

பக்கம் தெரியாவிட்டாலும், எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சந்தையில் முன்கூட்டியே ஒரு கணிப்பு இருக்கும். கால், புட் எனப்படும் ஆப்ஷன்களின் விலைக்குள் அது ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்தால் கிடைப்பதுதான் ‘இம்ப்ளைடு வோலட்டிலிட்டி’. டிரேடர்கள் சுருக்கமாக ஐ.வி. என்பார்கள். ரிசல்ட் தேதி நெருங்க நெருங்க இந்த ஐ.வி.யைத் தினமும் கண்காணித்து, திடீரென்று எகிறினால் கைபேசியில் அலர்ட் வரும்படி அமைத்துக்கொள்பவர்கள் இன்று ஏராளம். ஆனால் அந்த அலர்ட்டுகளில் பெரும்பாலானவை அடிக்கத் தேவையே இல்லாதவை. ரிசல்ட்டுக்கு முன் ஐ.வி. ஏறுவது இயல்பு. எந்த ஏற்றம் இயல்பு, எது செய்தி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் அந்த மணிக்கு அர்த்தம் உண்டு.

ஐ.வி. எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சிகாகோவில் ஆப்ஷன்களுக்கென்றே ஒரு சந்தை 1973 ஏப்ரல் 26 அன்று திறக்கப்பட்டது. முதலில் 16 பங்குகளின் கால் ஆப்ஷன்கள் மட்டும்தான். அதே ஆண்டில் ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் ஆப்ஷனுக்கு நியாயமான விலை கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். பங்கின் விலை, ஸ்ட்ரைக், எக்ஸ்பயரிக்கு இருக்கும் நாள்கள், வட்டி, இனி வரும் நாள்களில் பங்கு எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு, இந்த ஐந்தையும் கொடுத்தால் சூத்திரம் விலையைத் தரும். முதல் நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. ஐந்தாவது தெரியாது. ஆனால் ஆப்ஷனின் விலை சந்தையில் ஓடிக்கொண்டிருக்கிறதே! அந்த விலையை வைத்துக்கொண்டு சூத்திரத்தைப் பின்னோக்கிப் போட்டால் ஐந்தாவது விழும். வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொண்ட விலைக்குள், இருவரும் எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம் அடங்கியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த எண்ணை ஆண்டுச் சதவீதமாகச் சொல்வது வழக்கம். ஆண்டுக்கு ஏறக்குறைய 252 வர்த்தக நாள்கள். அதன் வர்க்கமூலம் 16-க்குச் சற்றுக் குறைவு. அதனால் ஐ.வி.யை 16-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கான எதிர்பார்ப்பு கிடைத்துவிடும். ஐ.வி. 24 என்றால் அந்தப் பங்கு ஒரு சாதாரண நாளில் சுமார் ஒன்றரை சதவீதம் ஏறவோ இறங்கவோ செய்யும் என்று சந்தை நினைக்கிறது.

இப்போது ரிசல்ட் உள்ளே வருகிறது. 1979-ல் ஜேம்ஸ் படெல், மார்க் வுல்ஃப்சன் என்ற இரண்டு கணக்கியல் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கம்பெனிகளின் முடிவுத் தேதிகளையும் கால் ஆப்ஷன் விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அறிவிப்பு நெருங்கும்போது ஐ.வி. ஏறுகிறது, அறிவிப்பு வந்ததும் விழுகிறது என்று கண்டார்கள். ஏன் ஏறுகிறது என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம்தான் இன்றும் இந்தக் கண்காணிப்புக்கு அடிப்படை. யாருடைய பயமும் கூடாமலேயே, வெறும் கணக்கினால் மட்டுமே ஐ.வி. ஏறும்.

ஒரு குடும்பத்தில் மாதக் கடைசி நாளில் விருந்து என்று வைத்துக்கொள்வோம். மற்ற நாள்களில் வீட்டுச் செலவு 300 ரூபாய். விருந்தன்று 6,000 ரூபாய். மாதத் தொடக்கத்தில் ‘இனி உள்ள நாள்களுக்குச் சராசரிச் செலவு எவ்வளவு’ என்று கேட்டால் 500 ரூபாய்கூட வராது. ஐந்து நாள் மிச்சமிருக்கும்போது அதே கேள்விக்கு விடை 1,440 ரூபாய். கடைசி நாள் காலையில் 6,000 ரூபாய். விருந்தின் செலவு ஒரு பைசா கூடவில்லை. மிச்சமிருக்கும் நாள்கள்தான் குறைந்தன.

ஐ.வி.யும் மிச்ச நாள்களின் சராசரிதான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. ஏற்ற இறக்கங்களை அப்படியே கூட்ட முடியாது, ஏனென்றால் ஒரு நாள் ஏற்றத்தை மறுநாள் இறக்கம் பாதி அழித்துவிடும். அவற்றின் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் ஒன்றரை சதவீதம் அசையும் பங்கு. ரிசல்ட் நாளில் 6 சதவீதம் அசையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. ஒன்றரையின் வர்க்கம் 2.25. ஆறின் வர்க்கம் 36. எக்ஸ்பயரிக்கு 20 நாள் இருக்கிறது, கடைசி நாள்தான் ரிசல்ட் என்றால், 19 சாதாரண நாள்களுக்கு 42.75, ரிசல்ட் நாளுக்கு 36, மொத்தம் 78.75. இருபதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 16-ஆல் பெருக்கினால் ஐ.வி. சுமார் 32.

பத்து நாள் மிச்சமிருக்கும்போது அதே கணக்கு 38 தரும். ஐந்து நாளில் 48, இரண்டு நாளில் 70. ரிசல்ட் நாள் மட்டுமே மிஞ்சும்போது 96. முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை சந்தையின் எதிர்பார்ப்பு அதே 6 சதவீதம்தான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் திரையில் ஐ.வி. மூன்று மடங்காகத் தெரிகிறது. ‘ஐ.வி. 20 சதவீதம் கூடினால் மணி அடி’ என்று அமைத்து வைத்தவருக்கு இதே பங்கு பல முறை அடித்திருக்கும். ரிசல்ட் பருவத்தில் ஐம்பது பங்குகளைக் கண்காணிப்பவருக்கு நாள் முழுக்க மணி ஓயாது. சில நாள்களில் அவர் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது, பணம் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது. ‘ஐ.வி. ஏறுகிறது, இப்போதே ஆப்ஷன் வாங்கி வைத்தால் லாபம்’ என்ற பேச்சு புதிதாக வருபவர்களிடம் அடிக்கடி கேட்கிறது. நம் கற்பனைப் பங்கின் விலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, 1,000 ரூபாய் ஸ்ட்ரைக்கில் ஒரு காலும் ஒரு புட்டும் சேர்த்து வாங்கினால், அதாவது ஸ்ட்ராடில் எடுத்தால், 20 நாள் முன்பு சுமார் 71 ரூபாய் ஆகும். ரிசல்ட்டுக்கு முந்தைய மாலை அதே ஸ்ட்ராடில் சுமார் 48 ரூபாய். ஐ.வி. 32-லிருந்து 96-க்குப் போன அதே காலத்தில், பங்கு இருந்த இடத்திலேயே இருந்தால், வாங்கியவரின் பிரீமியம் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. விகிதம் ஏறியது, ஆனால் கைவசம் இருந்த சாதாரண நாள்கள் ஒவ்வொன்றாகச் செலவாகிவிட்டன.

ஆகவே கண்காணிக்க வேண்டியது ஐ.வி.யை அல்ல. அதற்குள் இருக்கும் அந்த 6 சதவீதத்தை. அதை எப்படிப் பிரித்தெடுப்பது?

இரண்டு எக்ஸ்பயரிகள் தேவை, இரண்டுமே ரிசல்ட்டுக்குப் பின் வருபவை. இந்தியாவில் தனிப் பங்குகளுக்கு மாத ஆப்ஷன்கள்தான் உள்ளன. எனவே இந்த மாத எக்ஸ்பயரியும் அடுத்த மாத எக்ஸ்பயரியும் கிடைக்கும். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளுக்கு வார எக்ஸ்பயரிகளும் இருப்பதால் வேலை இன்னும் எளிது. இரண்டு எக்ஸ்பயரிகளுக்குள்ளும் அதே ஒரு ரிசல்ட் நாள் இருக்கிறது. தூரத்து எக்ஸ்பயரியில் கூடுதலாக இருப்பவை சாதாரண நாள்கள் மட்டுமே. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சாதாரண நாளின் அளவு விழுந்துவிடும். அதைக் கிட்டத்து எக்ஸ்பயரியிலிருந்து நீக்கினால் மிஞ்சுவது ரிசல்ட் நாள்.

கிட்டத்து எக்ஸ்பயரிக்கு 5 நாள், ஐ.வி. 48 என்போம். 16-ஆல் வகுத்தால் 3, வர்க்கம் 9, ஐந்தால் பெருக்கினால் 45. தூரத்து எக்ஸ்பயரிக்கு 25 நாள், ஐ.வி. 30.4. அதே கணக்கில் சுமார் 90 வரும். வித்தியாசம் 45, கூடுதல் நாள்கள் 20. ஆகவே ஒரு சாதாரண நாளுக்கு 2.25, அதாவது ஒன்றரை சதவீத அசைவு. கிட்டத்து 45-லிருந்து நான்கு சாதாரண நாள்களுக்கான 9-ஐக் கழித்தால் 36. அதன் வர்க்கமூலம் 6. விரிதாளில் எழுதுவதென்றால் நான்கே வரிகள்:

```
D1 = (IV1/16)^2 * n1
D2 = (IV2/16)^2 * n2
s2 = (D2 - D1) / (n2 - n1)
E  = sqrt(D1 - s2*(n1 - 1))
```

கடைசி வரியில் வரும் `E`-தான் ரிசல்ட் நாளுக்குச் சந்தை வைத்திருக்கும் அசைவு. தினமும் பதிவு செய்ய வேண்டியதும், கூடினால் அலர்ட் அனுப்ப வேண்டியதும் அதுதான்.

மறுநாள் என்ன நடக்கலாம் என்று பார்த்தால் இதன் பயன் விளங்கும். கிட்டத்து எக்ஸ்பயரிக்கு இப்போது 4 நாள். எதிர்பார்ப்பு எதுவும் மாறாவிட்டாலும் ஐ.வி. தானாகவே 48-லிருந்து சுமார் 52-க்கு ஏறியிருக்க வேண்டும். திரையில் 52 தெரிந்தால் செய்தி எதுவும் இல்லை. ஆனால் திரையில் 60 தெரிகிறது. இப்போது தூரத்து மாதத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஐ.வி. சுமார் 33 என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கும்போது சாதாரண நாள் அதே ஒன்றரை சதவீதத்தில் நிற்கிறது. ரிசல்ட் நாள் 6-லிருந்து 7 சதவீதமாகியிருக்கிறது. யாரோ இந்த ரிசல்ட்டைப் பற்றித்தான் நேற்றைவிட அதிகம் கவலைப்படுகிறார்கள். இதற்குத்தான் மணி அடிக்க வேண்டும்.

அதே 60 திரையில் இருக்க, தூரத்து மாத ஐ.வி. 45-க்கு எகிறியிருந்தால் கதை வேறு. அப்போது ரிசல்ட் நாளின் அளவு பழைய 6 சதவீதத்தில்தான் நிற்கிறது. சாதாரண நாள்தான் ஒன்றரையிலிருந்து 2.6 சதவீதமாக வீங்கியிருக்கிறது. சந்தை முழுவதும் கலங்கியிருக்கலாம், அல்லது ரிசல்ட்டுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று அந்தக் கம்பெனியைத் தொற்றியிருக்கலாம். கிட்டத்து மாதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

எவ்வளவு கூடினால் அலர்ட்? இதற்கு ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொள்வது தவறு. ஆப்ஷன் விலையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி உண்டு, அதனால் ஐ.வி.யில் இரண்டு புள்ளி முன்பின் இருப்பது சாதாரணம். எக்ஸ்பயரிக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த இரண்டு புள்ளிப் பிழை, ரிசல்ட் நாள் அளவை ஏறக்குறைய 0.3 சதவீதம்தான் அசைக்கும். இருபது நாள் இருக்கும்போது அதே பிழை 0.8 சதவீதம் அசைத்துவிடும், ஏனென்றால் இருபது நாள்களின் மொத்தத்துக்குள் புதைந்திருக்கும் ஒரு நாளை அப்போது தோண்டி எடுக்கிறோம். அதனால் தொலைவில் இருக்கும்போது ஒரு முழு சதவீதத்துக்குக் குறைவான அசைவைப் பொருட்படுத்தாமல் விடலாம். கடைசி வாரத்தில் அரை சதவீதமே போதுமானது. அந்த அசைவும் ஒரே ஒரு பதிவில் வந்து மறையாமல் அடுத்த பதிவிலும் நிலைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மணி அடிப்பது நல்லது.

பதிவு செய்யும் விதமும் முக்கியம். காலை 9.15-க்குச் சந்தை திறந்த சூட்டில் எடுக்கும் விலைகள் நம்பத்தக்கவை அல்ல. பிற்பகலில், தினமும் அதே நேரத்தில் எடுப்பது உத்தமம். கடைசியாக வியாபாரமான விலையை எடுக்கக் கூடாது. அடுத்த மாத ஆப்ஷன் ஒன்றில் கடைசி வியாபாரம் காலை பத்து மணிக்கு நடந்திருக்கலாம். அதற்குப் பின் பங்கு இரண்டு சதவீதம் ஏறியிருக்கலாம். அந்தப் பழைய விலையைப் புதிய பங்கு விலையோடு சேர்த்தால் இல்லாத ஐ.வி. பிறக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளியை எடுக்க வேண்டும். இடைவெளி அதிகமாக இருந்தால் அன்றைய பதிவையே விட்டுவிட வேண்டும். இந்தியாவில் தனிப் பங்குகளுக்கு ஃபியூச்சர்ஸும் இருப்பது ஒரு வசதி. ரொக்கச் சந்தை விலைக்குப் பதிலாக அந்தந்த மாத ஃபியூச்சர்ஸ் விலையை வைத்து, அதற்கு இருபுறமும் உள்ள இரண்டு ஸ்ட்ரைக்குகளின் ஐ.வி.யைச் சராசரி எடுத்தால் வட்டி, டிவிடெண்டுத் தொல்லைகள் பெரும்பாலும் விலகிவிடும்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் கணக்கு ஏமாற்றும் இடங்கள் உண்டு. அவற்றில் மிகச் சாதாரணமானது தேதி.

முடிவுகளைப் பரிசீலிக்கும் இயக்குநர் குழுக் கூட்டத்தின் தேதியைப் பட்டியலிட்ட கம்பெனிகள் முன்கூட்டியே பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது செபியின் விதி. அந்த அறிவிப்பு வரும்வரை வலைத்தளங்களில் காணப்படும் தேதி, போன ஆண்டைப் பார்த்துப் போட்ட ஊகம் மட்டுமே. ஊகத் தேதி எக்ஸ்பயரிக்கு முன்னால் என்று நினைத்திருக்க, உண்மைத் தேதி எக்ஸ்பயரிக்குப் பின்னால் போய்விட்டால், கிட்டத்து மாத ஐ.வி. அன்றே பொத்தென்று விழும், அடுத்த மாதத்தது ஏறும். இது பயமும் அல்ல, நிம்மதியும் அல்ல; ரிசல்ட் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாறியிருக்கிறது.

நேரமும் தேதியைப் போலவே முக்கியம். சந்தை மூடிய பிறகு முடிவை வெளியிடும் கம்பெனியின் பங்கு மறுநாள்தான் அசையும். எக்ஸ்பயரி நாளன்று மாலை ரிசல்ட் வந்தால், அன்று முடியும் ஆப்ஷனுக்குள் அது இல்லவே இல்லை. வங்கிகள் சில சனிக்கிழமையில் முடிவை வெளியிடுகின்றன, எச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஏப்ரலிலும் ஜூலையிலும் அப்படித்தான் செய்தது. அவற்றுக்கு ‘ரிசல்ட் நாள்’ என்று கணக்கில் போட வேண்டியது திங்கட்கிழமை. தனிப் பங்கு ஆப்ஷன்களின் மாத எக்ஸ்பயரி, தேசியப் பங்குச் சந்தையில் 2025 செப்டம்பர் முதல் கடைசி வியாழனிலிருந்து கடைசி செவ்வாய்க்கு மாறியிருக்கிறது. பழைய நாள்காட்டியை வைத்து எழுதிய விரிதாள்களில் நாள் எண்ணிக்கை தவறிவிடும். கடைசி வாரத்தில் ஒரு நாள் தவறினாலே கணக்கு முழுக்கக் கோணிவிடும்.

இன்னொரு பொறி நுட்பமானது. தூரத்து எக்ஸ்பயரியில் கூடுதலாக இருப்பவை எல்லாம் சாதாரண நாள்கள் என்று எடுத்துக்கொண்டோம். 2024 மே மாதத்தில் அது உண்மையாக இல்லை. கம்பெனிகள் ஜனவரி–மார்ச் முடிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில் மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. நிஃப்டி ஆப்ஷன்களிலிருந்து கணக்கிடப்படும் இந்தியா விக்ஸ், ஏப்ரல் பிற்பகுதியில் 10-ஐ ஒட்டி இருந்தது, மே இறுதியில் 20-ஐத் தாண்டி நின்றது. மே எக்ஸ்பயரி 30-ஆம் தேதி. அதற்குள் வாக்கு எண்ணிக்கை இல்லை. ஜூன் எக்ஸ்பயரி 27-ஆம் தேதி; அதற்குள் இருந்தது. ஆகவே மே மாதம் ரிசல்ட் வரவிருந்த ஒரு பங்குக்கு இந்தக் கழித்தலைப் போட்டால், ஜூன் 4-இன் எடை முழுவதும் ‘சாதாரண நாள்’ கணக்கில் ஏறிவிடும். சாதாரண நாள் ஊதிப் பெரிதாகும், ரிசல்ட் நாள் சுருங்கித் தெரியும். அலர்ட் அடிக்க வேண்டிய இடத்தில்கூட அடிக்காது. வாக்கு எண்ணிக்கையன்று நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது; விக்ஸ் அன்று 26-ஐத் தாண்டி முடிந்து, மறுநாளே 20-க்குக் கீழே இறங்கியது. அந்த எடை எவ்வளவு பெரியது என்பதற்கு இதுவே சாட்சி.

இப்படிப்பட்ட கோளாறு வந்திருப்பதை அறிய ஒரு வழி உண்டு. கடைசி வரியில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண் சில நேரம் எதிர்மறையாகிவிடும். அப்போது விரிதாள் பிழை காட்டும். அதை மறைத்துவிட்டுப் போகக் கூடாது. தூரத்து மாதத்துக்குள் வேறொரு நிகழ்வு இருக்கிறது, அல்லது விலை பழையது என்று அது சொல்கிறது. அதற்குத் தனியாக ஓர் அலர்ட் வைப்பது நல்லது, ஆனால் அது ‘ரிசல்ட் எதிர்பார்ப்பு கூடியது’ என்ற அலர்ட் அல்ல. ஒரே துறையின் நான்கைந்து பங்குகளுக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பதும் உதவும். எல்லாமே ஒரே திசையில் அசைந்தால் காரணம் ஒரு கம்பெனிக்குள் இல்லை. தகவல் தொழில்நுட்பத் துறையில் டி.சி.எஸ். பெரும்பாலும் முதலில் ரிசல்ட் வெளியிடும். அதன் முடிவு எதிர்பாராததாக இருந்தால், இன்னும் வெளியிடாத மற்றக் கம்பெனிகளின் ரிசல்ட் நாள் அளவு அன்றே மாறும். இது முறையான, புரிந்துகொள்ளக்கூடிய அசைவு.

சரி, அலர்ட் உண்மையாகவே அடித்தது என்று வைத்துக்கொள்வோம். அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை?

ஏறுமா இறங்குமா என்று சொல்லவில்லை. காலை வாங்கினாலும் புட்டை வாங்கினாலும் ஐ.வி. ஏறும். பெரிய அளவில் பங்கு வைத்திருக்கும் நிதி ஒன்று, ரிசல்ட்டுக்கு முன் பாதுகாப்புக்காகப் புட் வாங்கியிருக்கலாம். அதற்கு எந்த ரகசியமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘ஐ.வி. ஏறினால் உள்ளே இருப்பவர்களுக்கு ஏதோ தெரிந்துவிட்டது’ என்ற முடிவுக்குத் தாவுவது நியாயமல்ல. கம்பெனிக்கு உள்ளே இருப்பவர்கள் காலாண்டு முடிந்த நாளிலிருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் கழியும்வரை தங்கள் கம்பெனிப் பங்கில் வியாபாரம் செய்யக் கூடாது என்று செபி விதி இருக்கிறது. விதியை மீறுபவர்கள் இருக்கலாம், ஆனால் ஐ.வி. மட்டும் அதற்குச் சாட்சியாகிவிடாது.

அளவையும் அது உறுதியாகச் சொல்லிவிடுவதில்லை. 2024 ஆகஸ்ட் 28 அன்று சந்தை மூடிய பின் என்விடியா முடிவை வெளியிடவிருந்தது. அப்போது உலகமே பார்த்துக்கொண்டிருந்த ரிசல்ட் அதுதான். ஆப்ஷன்கள் கிட்டத்தட்ட 10 சதவீத அசைவுக்கு விலை வைத்திருந்தன; மூன்று லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனியில் அது முப்பதாயிரம் கோடி டாலர் அசைவு. மறுநாள் பங்கு 6.4 சதவீதம் விழுந்தது. சாதாரணமாகப் பார்த்தால் பெரிய வீழ்ச்சிதான். ஆனால் ‘எந்தப் பக்கமானாலும் பெரிதாக அசையும்’ என்று காலையும் புட்டையும் சேர்த்து வாங்கியிருந்தவருக்கு அது போதவில்லை. அவர் கொடுத்த விலை அதைவிடப் பெரிய அசைவுக்கானது. ரிசல்ட் வந்ததும் ஐ.வி. சரியும் இந்த நிகழ்வை டிரேடர்கள் ‘ஐ.வி. கிரஷ்’ என்கிறார்கள். மறுபக்கத்தில், மெட்டா 2022 பிப்ரவரி 2 மாலை வெளியிட்ட முடிவுக்குப் பிறகு, மறுநாள் 26 சதவீதம் விழுந்து 23,000 கோடி டாலருக்கும் மேல் மதிப்பிழந்தது. ஐ.வி. அதிகமாக இருக்கிறதே என்று ஆப்ஷனை விற்றுப் பிரீமியம் வாங்கிப்போட்டவர்களுக்கு அப்படிப்பட்ட ஒரு காலையே பல காலாண்டு வருமானத்தைத் துடைத்துவிடும்.

அதனால்தான் அலர்ட்டைப் பார்த்ததும் வாங்கவோ விற்கவோ ஓடுவதை அனுபவசாலிகள் தவிர்க்கிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள் என்று செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் சொன்னது. இந்த அலர்ட்டின் நேர்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. பங்கை வைத்திருப்பவர், தன் முதலீட்டில் இந்தக் கம்பெனியின் பங்கு அளவுக்கு மீறி இருக்கிறதா என்று ரிசல்ட்டுக்கு முன்பே யோசிக்க அது நேரம் தருகிறது. ஏற்கெனவே ஆப்ஷன் விற்று வைத்திருப்பவருக்கு, நாளை தரகு நிறுவனம் கேட்கப்போகும் மார்ஜின் எவ்வளவு பெரிதாகலாம் என்று இன்றே தெரிகிறது. செய்தியாளருக்கும் ஆய்வாளருக்கும் எந்தக் கம்பெனியின் முடிவை முதலில் திறந்து படிக்க வேண்டும் என்று தெரிகிறது.

ரிசல்ட் வந்த பிறகும் கண்காணிப்பை நிறுத்திவிடக் கூடாது. ஐ.வி. எந்த அளவுக்கு விழ வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து முன்பே தெரியும். நம் கற்பனைப் பங்கில் ரிசல்ட் நாள் கழிந்துவிட்டால் தூரத்து மாத ஐ.வி. 24-ஐ ஒட்டி வந்து நிற்க வேண்டும். முப்பதிலேயே தங்கிவிட்டால், சந்தை இன்னும் எதற்கோ காத்திருக்கிறது: நிர்வாகம் ஆய்வாளர்களோடு பேசும் கூட்டம், ஒரு ஒழுங்குமுறை அமைப்பின் முடிவு, அல்லது ரிசல்ட்டிலேயே எழுந்த ஒரு புதிய கேள்வி. ‘ரிசல்ட் என்பது ஒரே ஒரு நாள்’ என்ற அனுமானம் சில முறை பொய்த்துவிடுகிறது. எச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஜனவரி 16 அன்று முடிவை வெளியிட்டது. மறுநாள் பங்கு 8 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது, அதற்கு அடுத்த நாளும் 3 சதவீதம் அளவுக்கு விழுந்தது. வைப்புத்தொகை வளர்ச்சியைப் பற்றி எழுந்த கேள்விக்கு ஒரே நாளில் சந்தையால் விலை வைக்க முடியவில்லை.

ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் விரிதாளில் நான்கு எண்களை எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள்: முந்தைய மாலை கணக்கிட்ட ரிசல்ட் நாள் அளவு, பங்கு உண்மையில் அசைந்த அளவு, அலர்ட் அடித்ததா இல்லையா, மறுநாள் மாலை ஐ.வி. எங்கே நின்றது. எட்டு காலாண்டு கழிந்தால், அதாவது இரண்டு ஆண்டில், ஒரு பங்குக்கு எட்டு வரிகள் சேரும். எந்தப் பங்கில் அரை சதவீத ஏற்றத்துக்கு மணி அடிக்கலாம், எதில் ஒன்றரை சதவீதம்வரை பொறுக்கலாம் என்பதை அந்த எட்டு வரிகளைப் பார்த்துத்தான் அவர்கள் அடுத்த பருவத்துக்கு மாற்றி அமைக்கிறார்கள்.